சிக்னலில் நின்ற ஆட்டோ, 25 புள்ளிகள்

நள்ளிரவு தாண்டி ஆட்டோவில் வீடு திரும்பும்போது எடுத்த ஒரு படத்துக்குக் கீழே என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். படத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. கம்பிக்கு வெளியே இருட்டு, இருட்டில் நாலைந்து தெருவிளக்குகள், எல்லாம் கிறுக்கலாக இழுபட்டிருந்தன. பாதித் தூக்கத்தில் எடுத்தது, கை ஆடியிருக்கும் என்று நினைத்தேன். "ஊர் உறங்கப் போகிறது" என்று ஏதோ தட்டிவிட்டு, பிடிக்காமல் அழித்தேன். சும்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், கிறுக்கல் கோடாக இல்லை. கோலப் புள்ளி மாதிரி விட்டுவிட்டு இருந்தது.

புள்ளிகள் வந்த காரணம் எளிது. வீட்டுக்கும் தெருவுக்கும் வரும் மின்சாரம் ஒரே திசையில் ஓடுவதில்லை. நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமாக அலைகிறது. முன்னே போகும்போது ஒரு உச்சம், பின்னே வரும்போது ஒரு உச்சம். விளக்குக்குத் திசை முக்கியமில்லை, இரண்டு உச்சத்திலும் பிரகாசமாக எரியும். இடையில் மின்னோட்டம் பூஜ்யத்தைக் கடக்கும்போது மங்கும். ஆக நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரிகிறது. நம் கண்ணுக்கு நொடிக்கு ஏறக்குறைய 60 தடவைக்கு மேல் போனால் தனித்தனியாகத் தெரியாது, ஒரே வெளிச்சமாகத்தான் படும். கேமராவும் அசையாமல் இருந்தால் அதே கதைதான். ஆனால் கேமரா அசைந்தால், விளக்கின் ஒவ்வொரு துடிப்பும் படத்தில் வேறு வேறு இடத்தில் விழும். அதுதான் புள்ளி.

எல்லா விளக்கும் இப்படிப் புள்ளி வைக்காது. பழைய குண்டு பல்பின் இழை, மின்சாரம் பூஜ்யத்தைக் கடக்கும் நேரத்துக்குள் ஆறிவிடாது. அதனால் அதன் கோடு கிட்டத்தட்ட முழுசாகவே இருக்கும். மஞ்சள் சோடியம் விளக்கு நன்றாகவே துடிக்கும். எல்இடி எப்படி என்பது அதற்குள் இருக்கும் மின்சுற்றைப் பொறுத்தது. நல்ல சுற்றாக இருந்தால் மின்சாரத்தை நேராக்கிச் சீராகக் கொடுத்துவிடும், துடிப்பே தெரியாது. மலிவாகச் செய்ததில் வெளிச்சம் முழுக்க அணைந்து அணைந்து எரியும். என் படத்தில் பளிச்சென்று புள்ளி வைத்தது ஒரு கடைப் பலகையின் எல்இடி. காரின் பேட்டரியில் எரியும் பழைய முகப்பு விளக்கு பக்கத்திலேயே ஒரே இழுப்பாக, பென்சில் கோடு போலக் கிடந்தது.

சரி, இதில் என்ன சுவாரஸ்யம் என்றால், இந்தப் புள்ளிகள் ஒரு கடிகாரம். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையே நொடியில் நூறில் ஒரு பங்கு. அதுவும் நம்பக்கூடிய கடிகாரம். இந்தியாவில் மின்தொகுப்பின் அலைவெண்ணை, அதாவது மின்சாரம் நொடிக்கு எத்தனை தடவை அலைகிறது என்பதை, 49.90க்கும் 50.05க்கும் நடுவில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. இந்த எல்லைக்குள் இருக்கும்வரை ஆயிரத்துக்கு இரண்டு பங்குக்கு மேல் பிசகாது. நான் போனில் ஷட்டர் நேரத்தைக் கையால் கால் நொடி என்று வைத்திருந்தேன். கடைப் பலகையின் கிறுக்கலில் புள்ளிகளை எண்ணினேன். 25 வந்தது. கணக்குச் சரி.

அப்புறம்தான் கிறுக்கலின் வடிவத்தைக் கவனித்தேன். அது தாறுமாறாக இல்லை. மேலே ஏறி, கீழே இறங்கி, மறுபடி ஏறி, வரிசையான அலையாக இருந்தது. படம் எடுத்தபோது ஆட்டோ ஓடவில்லை, சிக்னலில் நின்றுகொண்டிருந்தது. எஞ்சின் மட்டும் ஓடியது. பெட்ரோலிலோ கேஸிலோ ஓடும் ஆட்டோவின் எஞ்சினில் பெரும்பாலும் ஒரே ஒரு சிலிண்டர். உள்ளே பிஸ்டன் போய் வருவதைச் சமன் செய்ய எதிர்ப்பக்கம் இன்னொரு பிஸ்டன் இல்லை. அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி முழுக்க ஒரு குலுக்கு வாங்குகிறது. சீட்டு குலுங்கி, சீட்டில் இருப்பவர் குலுங்கி, அவர் கையில் இருக்கும் போன் குலுங்குகிறது. அந்தக் குலுக்கலைத்தான் கடைப் பலகை எழுதியிருந்தது.

இப்போது கடிகாரமும் கையில் இருக்கிறது, அலையும் இருக்கிறது. 25 புள்ளிகளுக்குள் 6 உச்சங்கள் இருந்தன. கால் நொடியில் 6 என்றால் நொடிக்கு 24. நிமிடத்துக்கு 24ஐ 60ஆல் பெருக்கினால் 1440. சும்மா நிற்கும் ஆட்டோ எஞ்சின் நிமிடத்துக்கு இத்தனை சுற்று சுற்றுவது நம்பக்கூடிய எண்தான். தூக்கக் கலக்கத்தில் எடுத்த ஒரு மோசமான படம் எஞ்சினின் நாடியைப் பிடித்துப் பார்த்திருக்கிறது.

இதில் தடுமாற ஒரு இடம் உண்டு. நான்கு வீச்சு எஞ்சினில் எரிபொருள் வெடிப்பது இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான். வெடிக்கும் சுற்றில் உதறல் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். அதனால் அலையில் ஒன்றுவிட்டு ஒன்று உயரமாக வரலாம். உயரமானதை மட்டும் எண்ணினால் 3தான் வரும், நிமிடத்துக்கு 720 சுற்று. அவ்வளவு மெதுவாகச் சுற்றினால் இந்த மாதிரி சின்ன எஞ்சின் பெரும்பாலும் மூச்சு முட்டி நின்றுவிடும். பாதியாகத் தப்பாக எண்ணிவிட்டோம் என்று அப்படித்தான் கண்டுபிடிக்க வேண்டும். புள்ளிகளிலும் அதே சறுக்கல் உண்டு. மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் ஒற்றை டயோடு வைத்த அலங்கார சீரியல் விளக்குகள் அலையின் ஒரு பாதியில் மட்டும் எரியும். அவை கால் நொடியில் 12 அல்லது 13 புள்ளிதான் வைக்கும். அதனால் முதலில் புள்ளிகளை எண்ணி, ஷட்டர் நேரத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே அலைக்குப் போவது நல்லது.

இன்னொன்று எனக்கே பிறகுதான் புரிந்தது. எஞ்சின் குலுக்கல் மட்டும் இருந்திருந்தால் அலை வந்தே இருக்காது. விளக்கு ஒரே கோட்டின் மேல் ஏறி இறங்கி ஏறி இறங்கி, தன் தடத்தையே தான் அழித்திருக்கும். தையல் மெஷினில் ஊசி ஒரே இடத்தில்தான் மேலும் கீழும் போகிறது. துணி நகர்வதால்தான் தையல் விழுகிறது. இங்கே துணியை நகர்த்தியது என் தூக்கம். கை மெல்ல மெல்லச் சரிந்துகொண்டிருந்தது. விழிப்பாக, கையை ஊன்றி எடுத்திருந்தால் எண்ண ஒன்றும் இருந்திருக்காது.

போன்களில் இருக்கும் இரவுப் பயன்முறையில் இதைச் செய்ய முடியாது. அது ஒரே நீளமான படம் எடுப்பதில்லை. பல குட்டிப் படங்களை எடுத்து, ஆட்டத்தைக் கழித்து, ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்துகிறது. நாம் தேடும் ஆட்டத்தைத்தான் அது தூக்கிப் போடுகிறது. லென்ஸை நகர்த்தி அசைவைச் சமன் செய்யும் வசதியும் கொஞ்சம் குறுக்கே வரும். ஆனால் அது கை நடுக்கம் போன்ற மெதுவான ஆட்டத்துக்காகச் செய்தது; எஞ்சினின் வேகமான உதறலை முழுதாகப் பிடிக்க முடியாமல் விட்டுவிடுகிறது.

அசைந்தது போன்தானா என்று சரிபார்க்கவும் ஒரு வழி இருக்கிறது. போன் குலுங்கும்போது முக்கியமாக நடப்பது, அது மிகச் சிறிய கோணத்தில் சாய்ந்து நிமிர்வது. சாய்வு எல்லா விளக்கையும் ஒரே அளவு நகர்த்தும், பக்கத்துக் கடையாக இருந்தாலும் தூரத்துக் கோபுர விளக்காக இருந்தாலும். என் படத்தில் நாலைந்து விளக்குகளும் ஒரே கையெழுத்தை எழுதியிருந்தன.

ஆட்டோ ஓட ஆரம்பித்ததும் இது மாறுகிறது. 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஆட்டோ, ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவில் 8.3 சென்டிமீட்டர் நகர்கிறது. நேர் பக்கவாட்டில் 10 மீட்டர் தள்ளி இருக்கும் விளக்குக்கு அது கிட்டத்தட்ட அரை டிகிரி, வானத்தில் முழுநிலவு பிடிக்கும் அகலம். 40 மீட்டர் தள்ளி இருக்கும் விளக்குக்கு அதில் கால் பங்குதான். அதனால் அருகில் உள்ள விளக்கு எட்டி எட்டிப் புள்ளி வைக்கிறது, தூரத்து விளக்கு நெருக்கி வைக்கிறது. புள்ளி இடைவெளி நாலு மடங்கு குறைந்தால் தூரம் நாலு மடங்கு. சாலையோரக் கடைகள் ஓடுவதும் தொலைவில் இருக்கும் அடுக்குமாடி ஜன்னல்கள் நம்மோடு கூடவே வருவதும் இதே கணக்கினால்தான். நிலாவோ ஆட்டோவின் வேகத்துக்கு ஒன்றும் அசைந்து கொடுக்காது. ஓடும் ஆட்டோவிலிருந்து எடுத்தாலும் அது எழுதுவது வெறும் குலுக்கலை மட்டும்தான், அதுவும் புள்ளி இல்லாமல்.

புள்ளிகளைப் பார்க்கக் கேமராகூட வேண்டியதில்லை. தூங்கி வழிந்துகொண்டிருக்கும்போது ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கியது. திடுக்கிட்டுக் கண்ணைத் திருப்பினேன். முன்னால் போன காரின் சிவப்பு விளக்கு ஒரு கணம் மணிகளைக் கொட்டிவிட்டாற்போல வரிசையாகச் சிதறியது. கண் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குத் தாவும்போது நொடிக்குச் சில நூறு டிகிரி வேகத்தில் சுழல்கிறது. அந்தத் தாவலின்போது மங்கலாக ஓடும் காட்சியை மூளை பொதுவாக மறைத்துவிடும். ஆனால் சுற்றிலும் இருட்டு, நடுவில் துடிக்கும் ஒரு சிறு ஒளி என்றால் மறைக்க முடிவதில்லை. 20 டிகிரி தாவ நொடியில் நூறில் ஆறேழு பங்கு நேரம் ஆகும். தெருவிளக்காக இருந்தால் ஆறேழு புள்ளி. பல கார்களின் எல்இடி பின்விளக்குகள் வெளிச்சத்தைக் குறைப்பதற்காக நொடிக்குச் சில நூறு தடவை அணைத்து எரிக்கப்படுகின்றன. அதனால் மணிகள் இன்னும் அதிகம்.

"தூங்கிடாதீங்க சார், எடம் வந்துரும்" என்றார் ஓட்டுநர். அடுத்த சிக்னலில் எஞ்சினை அணைத்தார். சட்டென்று எல்லாம் அடங்கியது. இன்னொரு படம் எடுத்தேன், அதே கால் நொடி. இந்தத் தடவை எதிரே இருந்த விளக்கு ஒரு சின்னச் சுருள் போட்டிருந்தது. 25 புள்ளிகளுக்குள் இரண்டு ஏற்ற இறக்கம், கொஞ்சம் மிச்சம். நொடிக்கு ஒன்பது. எந்த மனிதனின் கையும் நீட்டிப் பிடித்தால் நொடிக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு முறை லேசாக நடுங்கும்.

இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கீழே எழுதினேன்: "இடது பக்கம் ஆட்டோ. வலது பக்கம் நான்."