பட்டிமன்றம்: சொல்லும் வகுப்பறைப் பயன்பாடும்

பள்ளிகளில் 'டிபேட்' என்றதும் நாம் சட்டென்று சொல்வது விவாதம். இது வடசொல். வடமொழியில் இதற்குச் சச்சரவு, வழக்கு என்ற பொருள்களும் உண்டு. டிபேட் என்பதன் வேரோ 'அடித்து வீழ்த்து' என்னும் பழைய பிரெஞ்சு வினை. சொற்போர் என்றாலும் போர் உள்ளேயே இருக்கிறது. வெல்வதற்கான போட்டிக்கு இவை பொருந்தும். எதிர்க்கருத்தைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் வகுப்பறைப் பேச்சுக்கு, காவிரி கடலில் கலக்கும் புகாரிலேயே நல்ல சொல் இருந்தது.

அதுதான் பட்டிமண்டபம். சிலப்பதிகாரம், மகத வேந்தன் சோழனுக்குக் கொடுத்ததாக அதைச் சொல்கிறது. மணிமேகலையில் இந்திர விழாவுக்கு முரசறைபவன் சமயவாதிகளிடம் 'பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின்' என்கிறான். அடுத்து, பகைவரோடு இருந்தாலும் 'செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்' என்கிறான். கலாம் வெளியே தெரியும் சண்டை; செற்றம் உள்ளே தங்கிவிடும் பகை. முறை அறிந்து ஏறு, பகை இல்லாமல் விலகு: இரண்டு விதிகளும் நுழைவாயிலிலேயே சொல்லப்பட்டுவிட்டன. மண்டபத்தின் இடத்தில் பின்னால் வந்த மன்றம், ஊரார் கூடும் பொதுவிடத்துக்கான பழந்தமிழ்ச் சொல். இன்றைய மேடைப் பட்டிமன்றம் நடுவரின் தீர்ப்பில் முடிகிறது. வகுப்பறைக்கு அந்தத் தீர்ப்பு வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

எட்டாம் வகுப்பில் செய்து பார்க்க ஒரு கேள்வி: 'குறுவைக்கு நேரடி விதைப்பா, நடவா?' தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது வீட்டுத் திண்ணையில் கேட்ட பேச்சு. 32 பேர் இருந்தால் நால்வர் வீதம் எட்டுக் குழு; குழுவுக்குள் இரண்டு இணை. எந்த இணைக்கு எந்தப் பக்கம் என்பதைச் சீட்டு எடுத்து முடிவு செய்யுங்கள். நிலம் உள்ள வீட்டுப் பிள்ளையும் நடவுக்குப் போகும் அம்மாவின் பிள்ளையும் ஒரே குழுவில் இருப்பார்கள். விருப்பப்படி பக்கம் எடுக்கவிட்டால் பேச்சு வீட்டு நிலையைப் பற்றியதாகிவிடும். அது நடந்துவிட்டதென்பதற்கு அடையாளம், ஒரு பிள்ளை திடீரென்று பேசாமல் போவது. 'உங்க வீட்டுல எப்படி?' என்று ஆசிரியரும் கேட்கக் கூடாது.

இரண்டு பாடவேளை ஒதுக்குங்கள். முதல் வேளையில் ஒவ்வொரு இணைக்கும் அரைப்பக்கத் தகவல் தாள், பத்து நிமிடம் தயாரிப்பு. பிறகு இணைக்கு மூன்று நிமிடப் பேச்சு. எதிர் இணை குறிப்பு மட்டும் எடுக்கும். அடுத்த படியில்தான் பெரும்பாலும் சறுக்குகிறது. மறுத்துப் பேசுமுன் எதிர்ப்பக்கம் சொன்னதைத் தன் சொல்லில் திருப்பிச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னவர் 'ஆமாம்' என்ற பிறகே மறுப்பு.

"ஆளுக்குக் கூலி குடுக்க மனசில்லைங்கறீங்க, அதானே?"

"அது இல்ல. நடவு சமயத்துல ஆள் கிடைக்கலன்னுதான் சொன்னோம்."

"சரி, கேட்ட நேரத்துக்கு ஆள் கிடைக்காது, நாத்து முத்திப்போயிடுங்கறீங்க."

"ஆமாம்."

முதல் முயற்சியில் கருத்தை மெலிதாக்கித் திருப்பியதைக் கவனியுங்கள். மெலிந்த கருத்தை வீழ்த்துவது எளிது. பிள்ளைகள் அறியாமலே அப்படிச் செய்வார்கள். 'ஆமாம், ஆனா' என்று பதில் வந்தாலும் மறுபடி சொல்ல வைக்க வேண்டும்.

வாய்ச்சாலகப் பிள்ளை எல்லா நேரத்தையும் எடுத்துக்கொள்வதற்கு, ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை கொடுங்கள். ஒரு முறை பேசினால் ஒன்றை நடுவில் வைக்க வேண்டும். நால்வர் கையும் காலியானபின்தான் மறுபடி எடுக்கலாம்.

இரண்டாம் வேளையில் பக்கம் மாறுங்கள். நடவுக்காகப் பேசிய இணை இப்போது நேரடி விதைப்புக்குப் பேசும். களை நெல்லோடு சேர்ந்தே முளைப்பதால் நேரடி விதைப்பில் தொடக்கக் களை அதிகம், நடவில் நாற்று முந்திக்கொள்கிறது என்று நேற்று சொன்னவர்களே, இன்று நாற்றங்கால் செலவும் நடவு ஆள் செலவும் மிச்சமாவதைச் சொல்ல வேண்டியிருக்கும். கடைசியில் பக்கங்களை விட்டுவிட்டு நால்வரும் சேர்ந்து ஐந்து வரி எழுதட்டும்: எதில் ஒத்துப்போனோம், எது இன்னும் தீரவில்லை, நடவுக்கூலியை நம்பியிருப்பவருக்கு என்ன ஆகும். வாக்கெடுப்பு வைத்தால் கை தூக்கச் சொல்லாதீர்கள். பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துத்தான் கை உயரும். துண்டுச்சீட்டில் எழுதி மடித்துப் போடட்டும்.

எந்தக் கேள்வியையும் இதில் போட்டுவிட முடியாது. நியாயமானவர்கள் காரணத்தோடு மாறுபடக்கூடிய கேள்வியே பொருந்தும். அரசமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. அதற்கு ஆதரவாகப் பேச ஒரு பிள்ளைக்குச் சீட்டு விழும்படி தலைப்பு வைத்தால், பக்கத்தில் இருக்கும் இன்னொரு பிள்ளையின் மதிப்பையே பேசுபொருளாக்குகிறோம்.