கோட் ஸ்விட்சிங்: குறிமாற்றமா, கடன்சொல்லா?

தமிழோடு ஆங்கிலம் கலந்த பேச்சு எதுவானாலும் அதைக் ‘கோட் ஸ்விட்சிங்’ என்று சொல்லிவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. மொழியியலில் அந்தச் சொல்லுக்குப் பொருள் இவ்வளவு அகலம் இல்லை. பேசுகிறவர் ஒரு மொழியின் இலக்கணத்தை விட்டு இன்னொரு மொழியின் இலக்கணத்துக்குள் போய்விட வேண்டும். அப்போதுதான் அது கோட் ஸ்விட்சிங். சொல் மட்டும் வந்து, இலக்கணம் வராவிட்டால் அது கடன்வாங்கல்.

‘கோட்’ என்பதன் வேர் லத்தீன் மொழியின் ‘கோடெக்ஸ்’. முதலில் எழுதும் பலகை, ஏடு என்று பொருள்பட்டது, பிறகு சட்டத் தொகுப்பைக் குறித்தது, அப்புறம் சங்கேதக் குறி ஆனது. 1950களில் மொழியியலாளர்கள் இந்தச் சொல்லை எடுத்து ஆண்டபோது, தகவல் தொடர்புப் பொறியியலில் அதற்கிருந்த பொருளே அவர்கள் மனத்தில் இருந்தது. மொழி ஒரு குறியமைப்பு, பேசுகிறவர் ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு மாறுகிறார் என்பது கருத்து.

சரி, நம் பேச்சில் இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? ஒருவர் இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம்:

“நேத்து லேப்டாப்பை சர்வீஸுக்குக் குடுத்தேன். பட் தே செட் இட் வில் டேக் எ வீக். அதான் மீட்டிங்கை போஸ்ட்போன் பண்ணிட்டேன்.”

முதல் வாக்கியத்தில் இரண்டு ஆங்கிலச் சொற்கள் இருக்கின்றன. லேப்டாப்பில் ‘ஐ’ ஏறியிருக்கிறது, சர்வீஸில் ‘கு’ ஏறியிருக்கிறது, வினை தமிழ் முறைப்படி கடைசியில் நிற்கிறது. இது தமிழ் வாக்கியம்தான், சொற்கள் கடன். இரண்டாவது வாக்கியத்தில் எல்லாமே புரண்டுவிடுகிறது. ‘டேக்’ என்ற வினை முன்னால் வந்து ‘எ வீக்’ பின்னால் போகிறது. தமிழுக்குத் தேவையில்லாத ‘எ’ இருக்கிறது, தமிழ் உருபு ஒன்றுகூட இல்லை. கோட் ஸ்விட்சிங், அதாவது குறிமாற்றம், என்பது இதுதான். மூன்றாவதில் பேசுகிறவர் மறுபடி தமிழுக்குள் வந்துவிட்டார்.

‘ஐ’ உருபு ஏறும் விதத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். “ஒரு நாற்காலி வாங்கினேன்” என்கிறோம், ஆனால் “அந்த நாற்காலியை வித்துட்டேன்” என்கிறோம். குறிப்பிட்ட பொருள் என்றால் ‘ஐ’ வேண்டும், இல்லாவிட்டால் விட்டுவிடலாம். “ஒரு லேப்டாப் வாங்கினேன்”, “அந்த லேப்டாப்பை வித்துட்டேன்” என்பதிலும் அதே கணக்குதான். யாரும் இதைக் கற்றுக்கொடுக்கவில்லை, முந்தாநாள் வந்த சொல்லுக்கும் தானாகவே நடக்கிறது. டேவிட் சான்காஃப், ஷானா பாப்லாக், ஸ்வாதி வன்னியராஜன் மூவரும் 1990இல் வெளியிட்ட ஆய்வு இந்த உருபுகளைத்தான் எண்ணிப் பார்த்தது. தமிழர் பேச்சில் தனியாக வரும் ஆங்கிலப் பெயர்ச்சொற்கள் உருபேற்பதில் தமிழ்ப் பெயர்ச்சொற்களைப் போலவே நடக்கின்றன, ஆகவே அவை அந்த நேரத்துக்கு எடுத்த கடன் என்பது அவர்கள் முடிவு.

வினையில் இது இன்னும் தெளிவு. ‘டிரைவினான்’ என்று யாரும் சொல்வதில்லை, ‘டிரைவ் பண்ணினான்’ என்கிறோம். ஆங்கிலத்தில் ‘ஷிஃப்ட்’ ஒரே சொல். நாமோ “கடையை ஷிஃப்ட் பண்ணிட்டாங்க”, “கடை ஷிஃப்ட் ஆயிடுச்சு” என்று இரண்டாக்கிவிடுகிறோம். செய்வதற்கும் ஆவதற்கும் தமிழில் உள்ள வேறுபாட்டை ஆங்கிலச் சொல்லும் ஏற்றே தீர வேண்டியிருக்கிறது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: கடன் என்றால் எல்லாம் ஒரே வயது இல்லை. ஜன்னல், சாவி, அலமாரி போர்த்துகீசிய வரவுகள் என்பது பலருக்குத் தெரியாது. ‘பஸ்’ என்பதை ஆங்கிலமே அறியாத பாட்டியும் சொல்கிறார். ‘போஸ்ட்போன்’ இரு மொழியும் தெரிந்தவர் வாயில்தான் பெரும்பாலும் வரும்.

உருபு ஏறுகிறதா என்று பார்க்கும் இந்தச் சோதனை எல்லா இடத்திலும் செல்லாது. “பென் இருக்கா?” என்பதில் உருபு இல்லை, ஆனால் தமிழ்ச் சொல்லுக்கும் அங்கே உருபு வராது. அதனால் அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. “ஃபைல்ஸை அனுப்பு” என்பதில் ஆங்கிலப் பன்மையும் தமிழ் வேற்றுமையும் ஒரே சொல்லில் உட்கார்ந்திருக்கின்றன. கரோல் மையர்ஸ்-ஸ்காட்டன் போன்ற மொழியியலாளர்கள் இரண்டுக்கும் நடுவே கறாரான கோடு போட மறுத்தார்கள். உச்சரிப்பும் உதவாது. ஒருவர் ‘ஃபைல்’ என்பார், இன்னொருவர் ‘பைலு’ என்பார், இருவருமே கடன்தான் வாங்குகிறார்கள்.

தமிழில் என்ன சொல்லலாம்? கடன்வாங்கல், கடன்சொல் இரண்டும் நிலைத்துவிட்டன, அவற்றில் குழப்பமில்லை. கோட் ஸ்விட்சிங்குக்கு ‘மொழிமாற்றம்’ ஆகாது. மொழிமாற்றுப் படம் என்று டப்பிங் படத்தைச் சொல்லிப் பழகிவிட்டோம். ‘மொழிக்கலப்பு’ கடனையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது. ‘குறிமாற்றம்’ மூலச் சொல்லுக்கு நெருக்கமாக இருக்கிறது, கட்டுரைகளில் அதையே எழுதலாம். ஆனால் முதல்முறை எழுதும்போது, மாறுவது இலக்கணம் என்பதை ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ‘குறி’ என்ற சொல் அதைத் தானாகச் சொல்லாது.