ஆடிட்டரையும் கஸ்டம்ஸ் ஏஜெண்டையும் ஒரே மேஜையில் உட்காரவையுங்கள்

திருப்பூரில் வரி ஆலோசகர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒருவர் இன்னொருவரிடம் தொழில் பேசத் தயங்குவார், கிளையண்ட் கைமாறிவிடுவாரோ என்ற பயம். அதனால் நான் கூட்டும் சந்திப்புக்கு ஆலோசகர்களை மட்டும் அழைப்பதில்லை. இரண்டு ஆலோசகர்கள், ஒரு கஸ்டம்ஸ் ஏஜெண்ட், ஏற்றுமதி நிறுவனக் கணக்காளர் இருவர், ஏற்றுமதிக் கடன் பார்க்கும் வங்கி அலுவலர் ஒருவர். அவ்வளவுதான். எட்டுப் பேரைத் தாண்டினால் பேச்சு இரண்டு மூன்றாகப் பிரிந்துவிடும்.

நாள் பார்ப்பது முக்கியம். விற்பனைக் கணக்கு காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்னுக்கு 11ஆம் தேதி, வரி கட்டும் 3பி ரிட்டர்னுக்கு 20, அதைக் காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்பவர்களுக்கு 22 கடைசி நாள். அதற்குப் பிறகு வரும் சனிக்கிழமை மாலைதான் எங்கள் ஆட்களுக்கு மூச்சுவிட நேரம். டீ, வடை, ஒன்றரை மணி நேரம் போதும்.

அழைக்கும்போதே ஒரே ஒரு கேள்வியைச் சொல்லிவிடுவேன். ஒருமுறை அது, 'ஐஜிஎஸ்டி கட்டி ஏற்றுமதி செய்தவர்களுக்கு ரீஃபண்ட் ஏன் நிற்கிறது?' கணக்காளர் ஒருவர் தன் நிலைமையைச் சொன்னார். சரக்கு போய்விட்டது, ரிட்டர்னும் தாக்கலாகிவிட்டது, ஆனால் SB005 என்று பிழை காட்டுகிறது. ஆலோசகர்கள் ரிட்டர்னிலேயே தேடிக்கொண்டிருக்க, கஸ்டம்ஸ் ஏஜெண்ட் கேட்டார்: "ஷிப்பிங் பில்லில் எந்த இன்வாய்ஸ் நம்பர் சார் போட்டிருக்கு?" சுங்கத்துறையில் தாக்கல் செய்யும் அந்த ஏற்றுமதி ஆவணத்தில் இருந்தது வெளிநாட்டு வாடிக்கையாளருக்கான வணிக இன்வாய்ஸ் எண். ஜிஎஸ்டிஆர்-1இல் இருந்ததோ வரி இன்வாய்ஸ் எண். இரண்டும் ஒத்துப்போகாததால்தான் சிக்கல். தவறு ரிட்டர்னில் என்றால் ஜிஎஸ்டிஆர்-1இன் 9ஏ அட்டவணையில் திருத்தலாம். இங்கே தவறு ஷிப்பிங் பில்லில். எனவே இரண்டு எண்களையும் பொருத்திக் காட்டும் பட்டியலைச் சுங்க அதிகாரியிடம் கொடுக்க வேண்டும் என்று அவரே வழியும் சொன்னார். இரண்டு தரப்பும் தனித்தனியாகப் பார்க்கும் தாள்கள் அன்றுதான் பக்கத்தில் பக்கத்தில் வந்தன.

கிளையண்ட் பெயர் சொல்லக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் யாரும் உண்மையான சிக்கலை எடுக்க மாட்டார்கள். பேச்சு ஜிஎஸ்டி போர்ட்டலைத் திட்டுவதில் போய் நின்றால், "கடைசியாக உங்களிடம் வந்த கேஸ் என்ன?" என்று ஒருவரிடம் நேராகக் கேளுங்கள், திரும்பிவிடும். மென்பொருள் விற்க வருபவரை அழைக்காதீர்கள். அப்புறம், கூட்டியவரே அதிகம் பேசினால் அது வகுப்பாகிவிடும். மறுமுறை பாதிப் பேர் வர மாட்டார்கள்.

உங்களை நாலு பேர் தேடி வருவது அதற்குப் பிறகு செய்யும் வேலையால்தான். யாருக்கு என்ன தேவை, யாரிடம் அது இருக்கிறது என்று அன்றிரவே குறித்துவையுங்கள். இரண்டு பேரிடமும் தனித்தனியாகச் சம்மதம் கேட்டபின், "இவர் இந்தச் சிக்கலில் இருக்கிறார், நீங்கள் இதைத் தினமும் பார்க்கிறீர்கள்" என்று ஒரே செய்தியில் அறிமுகப்படுத்துங்கள். கேட்காமல் நம்பரைக் கொடுக்காதீர்கள். அறிமுகத்துக்குக் கமிஷனும் வாங்காதீர்கள்; வாங்கினால் நீங்கள் காட்டும் ஆள் திறமைக்காகக் காட்டப்பட்டவரா, காசுக்காகவா என்ற சந்தேகம் இருவருக்கும் வந்துவிடும்.