காப்பகப்படுத்துவதா, பரணேற்றுவதா?

"நிலுவை அட்டவணையில் உள்ள பழைய பதிவுகளைத் தினமும் காப்பகப்படுத்தவும்." தரவுத்தளக் கையேடுகளின் தமிழாக்கத்தில் இந்த வரி, அல்லது இதன் உடன்பிறப்பு ஒன்று, தவறாமல் வருகிறது. புதிதாக வேலைக்கு வந்தவர் இதைப் படித்தால் என்ன செய்வார்? பழைய பதிவுகளுக்கு ஒரு நகல் எடுத்துப் பத்திரமாக வைப்பார். அவர் மேல் தவறில்லை. ‘காப்பு’ என்ற சொல் அவரை அங்கேதான் கொண்டுபோகும். மூலம் கேட்டதோ வேறு. செய்ய வேண்டிய வேலைகள் காத்திருக்கும் நிலுவை அட்டவணையை விட்டே, முடிந்த பதிவுகள் வெளியேற வேண்டும் என்பதுதான் அது.

அந்த வரியின் ஆங்கில மூலத்தில் இருக்கும் சொல் ‘ஆர்க்கைவ்’. அது கிரேக்கத்து ஆர்க்கேயோன் வழியில் வந்தது. ஆட்சியாளரின் அலுவலகம் என்று பொருள். அரசு ஆவணங்கள் அங்கே இருந்ததால், ஆவணம் இருக்கும் இடத்துக்கே பெயராயிற்று. வினையாகப் புழங்கியது பிந்தித்தான். இடத்தைக் குறிக்க ‘ஆவணக் காப்பகம்’ என்று தமிழில் சொல்வது மிகப் பொருத்தம், அதோடு எனக்குச் சண்டை இல்லை. சண்டை எல்லாம் அதன் வாலில் ஒட்டிய ‘படுத்து’ என்பதோடுதான்.

தூய்மைப்படுத்து என்றால் தூய்மையாக்கு. எளிமைப்படுத்து என்றால் எளிமையாக்கு. முன்னால் நிற்பது பண்பாக இருக்கும்போது ‘படுத்து’ நன்றாக வேலை செய்கிறது. இடப்பெயரோடு ஒட்டினால் பொருள் தடுமாறுகிறது. வங்கியில் பணம் போடுவதை ‘வங்கிப்படுத்து’ என்று யாரும் சொல்வதில்லை, மூட்டையைக் கிடங்கில் அடுக்குவதைக் ‘கிடங்குப்படுத்து’ என்றும் சொல்வதில்லை. ‘சந்தைப்படுத்து’ நிலைத்துவிட்டதே என்று கேட்பார்கள். நிலைத்தது உண்மை. ஆனால் அதைக் கேட்டு யாரும் வேறு வேலையைச் செய்துவிடுவதில்லை. இங்கே பக்கத்திலேயே ‘காப்பு நகல்’ என்ற சொல் நிற்கிறது. பேக்கப் எடுப்பதற்கு அதுதான் சொல். காப்பு நகல் எடுத்தால் மூலப் பதிவு இருந்த இடத்திலேயே இருக்கும். ஆர்க்கைவ் செய்தால் மூலப் பதிவு இடம் மாறும். ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு வேலைகளுக்கும் ஒரே வேர்ச்சொல்லைக் கொடுத்துவிட்டு, படிப்பவருக்குத் தெளிவில்லை என்று குறைசொல்வது முறையல்ல.

இந்தக் குழப்பம் நிரலுக்குள்ளும் இறங்குகிறது. நாளுக்கு 50,000 உருப்படிகள் வந்து முடியும் ஒரு நிலுவை அட்டவணையை எடுத்துக்கொள்வோம். முடிந்தவை 7 நாள் அங்கேயே தங்கலாம் என்று விதி. ஒழுங்காக வெளியேற்றினால் அட்டவணையில் முடிந்த பதிவுகள் 3,50,000 அளவில் நிற்கும். வெளியேற்றாவிட்டால் ஓர் ஆண்டில் 1,82,50,000. ‘நகலெடு’ என்று புரிந்துகொண்டவர் முதலில் நகலுக்கு ஒரு கட்டளை எழுதுகிறார். அட்டவணை சுருங்கவில்லை என்று யாராவது சொன்ன பிறகு, அழிக்க இன்னொரு கட்டளையைச் சேர்க்கிறார். இரண்டும் தனித்தனி. இரண்டிலும் ‘இப்போதிலிருந்து 7 நாளுக்கு முந்தியவை’ என்ற அதே நிபந்தனை. முதல் கட்டளை தொடங்கி 40 விநாடி கழித்து இரண்டாவது தொடங்கினால், ‘இப்போது’ என்பதும் 40 விநாடி நகர்ந்திருக்கும். அந்த இடைவெளியில் 7 நாளைத் தாண்டிய பதிவுகள் நகலெடுக்கப்படாமலே அழியும். வரத்து சீராக இருந்தால் நாளுக்குச் சுமார் 23. பிழைச்செய்தி எதுவும் வராது. நகலானவை 49,977, அழிந்தவை 50,000 என்று இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஒரே அசைவில் எடுத்து வைப்பதுதான் இந்த வேலை என்று சொல்லே உணர்த்தியிருந்தால், நிரலும் ஒரே கட்டளையாக வந்திருக்கும். போஸ்ட்கிரெஸில் இப்படி:

```sql
WITH batch AS (
  SELECT id FROM pending_jobs
  WHERE status = 'done'
    AND processed_at < now() - interval '7 days'
  LIMIT 1000
  FOR UPDATE SKIP LOCKED
), moved AS (
  DELETE FROM pending_jobs p
  USING batch b WHERE p.id = b.id
  RETURNING p.id, p.payload, p.processed_at
)
INSERT INTO done_jobs (id, payload, processed_at)
SELECT id, payload, processed_at FROM moved;
```

அழிந்த பதிவு எதுவோ அதுவேதான் அந்தப் பக்கம் சேர்கிறது. நடுவில் தடைபட்டால் இரண்டுமே நடக்காது. ஆயிரம் ஆயிரமாக, நகர்ந்த எண்ணிக்கை சுழியம் ஆகும்வரை திரும்ப ஓட்ட வேண்டும். நம் கணக்குக்கு நாளுக்குச் சுமார் 50 சுற்று. அந்த 7 நாளைக் கணக்கிடுவது வந்த நேரத்திலிருந்து அல்ல, முடிந்த நேரத்திலிருந்து. பத்து நாள் சிக்கிக் கிடந்து இன்று காலை முடிந்த உருப்படியை இன்று மாலையே காணாமல் போகச் செய்யக் கூடாது.

இதற்கு நான் சொல்லும் சொல் பரணேற்று, பரணேற்றம். பரண் என்பது உயரத்தில் கட்டிய மேடை. தினைப்புனத்தில் காவலுக்குக் கட்டியதும் பரண், வீட்டில் அன்றாடம் தேவைப்படாததை ஏற்றி வைப்பதும் பரண். அண்டாவைப் பரணில் ஏற்றினால் அடுப்படியில் அண்டா இருக்காது. வேண்டுமென்றால் ஏணி வைத்து எடுத்துக்கொள்ளலாம். நகல் என்ற எண்ணத்துக்கே இடமில்லை. ‘பரணில் போட்டுவிட்டார்கள்’ என்பதில் புறக்கணிப்பின் சாயல் உண்டே என்றால், உண்டுதான். அதனால்தான் ‘போடு’ வேண்டாம், ‘ஏற்று’ என்கிறேன்.

பதிவுகள் போய்ச் சேரும் இடத்தை ‘வரலாற்று அட்டவணை’ என்கிறார்கள். இதுவும் சரியில்லை. எஸ்க்யூஎல் சர்வரில் 2016 பதிப்பிலிருந்து அதே பெயரில் வேறொன்று இருக்கிறது: ஒரு பதிவு மாறும்போதெல்லாம் அதன் பழைய வடிவம் அங்கே சேரும், பதிவோ நடப்பு அட்டவணையிலேயே இருக்கும். வரல் + ஆறு, வந்த வழி. அந்த அட்டவணைக்கு அது கச்சிதம். முடிந்த வேலைகள் கிடக்கும் இடத்துக்கு ‘முடிந்தவை அட்டவணை’ என்பதே போதும். எதிரே ‘நிலுவை’ நிற்பதால் பொருளும் தானே விளங்கும்.

முடிந்த பதிவு நிலுவை அட்டவணையில் இருக்கும் அந்த 7 நாளைத் ‘தக்கவைப்புக் காலம்’ என்பதையும் விட்டுவிடலாம். தக்கவைத்தல் என்றால் நழுவப்போவதைப் பிடித்து நிறுத்துவது, பதவியைத் தக்கவைப்பதுபோல. இங்கே பதிவு நழுவப் பார்க்கவில்லை, கொஞ்ச நாள் தங்குகிறது. தங்குகாலம் என்போம். அது வெறுமனே கழியும் காலமும் அல்ல. அனுப்புபவர் பதில் கிடைக்காமல் அதே உருப்படியை மறுபடி அனுப்பினால், நிலுவை அட்டவணையில் இருக்கும் அடையாள எண்தான் ‘இது ஏற்கெனவே முடிந்தது’ என்று தடுக்கிறது. அனுப்புபவர் 10 நாள்வரை முயல்வார், தங்குகாலமோ 7 நாள் என்றால், 8ஆம் நாள் வருவது புதியதாகவே நுழைந்து இரண்டாம் முறை நிறைவேறும். தங்குகாலம் மறுமுயற்சிக் காலத்தைவிட நீளமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் முடிந்தவை அட்டவணையிலும் தேடிப் பார்த்த பிறகே புதிய உருப்படியைச் சேர்க்க வேண்டும்.

முடிந்தவை அட்டவணையிலிருந்தும் ஒருநாள் பதிவுகளை நீக்குவார்கள். அதற்கும் சில கையேடுகளில் ‘காப்பகப்படுத்தல்’ என்றே எழுதியிருக்கிறார்கள். அது களைதல். களைந்த பதிவு எந்தப் பரணிலும் இருக்காது.