வரவு 57,000, வருமானம் 24,300: ஒரு கொத்தனாரின் பாஸ்புக்

வீட்டுக்கடன் விண்ணப்பங்களில் சம்பளச் சீட்டு இல்லாதவர்களின் வருமானத்தைக் கணக்கிடுவதுதான் என் வேலை. பெயின்டர், கொத்தனார், டீக்கடைக்காரர், இட்லி மாவு அரைத்து விற்பவர் என்று தினமும் நாலைந்து பேராவது வருவார்கள். எல்லார் கையிலும் வங்கி ஸ்டேட்மென்ட் இருக்கும். கடைசிப் பக்கத்தில் மொத்த வரவு என்று ஒரு தொகை இருக்கும். அதை 12-ஆல் வகுத்து மாத வருமானம் என்று யாரோ ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருப்பார்கள்.

திண்டிவனம் பக்கத்துக் கொத்தனார் ஒருவர் அப்படித்தான் வந்தார். பாதியில் நிற்கும் வீட்டை முடிக்க 6 லட்சம் வேண்டும் என்றார். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை அவர் கணக்கில் வந்த மொத்தம் 6,84,000 ரூபாய். வகுத்தால் மாதம் 57,000. "மாசம் இருபதாயிரம் தவணை உங்களுக்குத் தாங்கும்னு ஏஜென்ட் சொன்னாரு மேடம்" என்றார். "சரிங்கண்ணா, மாசம் ஐம்பத்தேழு கையில நிக்குதா?" என்று கேட்டேன். சிரித்தார். "நின்னா நான் ஏன் இங்க வரேன்?"

இந்த மாதிரி ஸ்டேட்மென்ட்டை நான் திரையில் வைத்துப் பார்ப்பதில்லை. அச்செடுத்து, ஒவ்வொரு வரவின் ஓரத்திலும் பென்சிலால் ஓர் எழுத்துப் போடுவேன். கூலி என்றால் 'கூ', கடன் என்றால் 'க', அவருடைய பணமே திரும்பி வந்தது என்றால் 'தி'. எது என்று தெரியாவிட்டால் கேள்விக்குறி. ஆளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டுக்கொண்டே போட வேண்டும். தனியாக உட்கார்ந்து போட்டால் பாதி தப்பாகத்தான் வரும்.

முதல் சுற்றில் வருமானமே இல்லாத வரவுகளை எடுத்துவிட வேண்டும். இவருக்கு ஜூன் மாதத்தில் 60,000 வந்திருந்தது, நகைக்கடன். செப்டம்பரில் ஒருவர் 90,000 அனுப்பியிருந்தார். பார்த்தால் பெரிய வேலைக்கான கூலி போலவே இருக்கும். ஆனால் செலவுப் பக்கத்தைத் தேடினால் அதே பெயருக்கு மாதாமாதம் நாலாயிரத்துச் சொச்சம் போய்க்கொண்டிருந்தது. ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டு, தள்ளு 10,000 போக எடுத்த பணம் அது. பாதி அவர் ஏற்கெனவே கட்டியது, மீதி இனிமேல் கட்ட வேண்டியது. இரண்டுமே சம்பாத்தியம் ஆகாது.

மைத்துனர் ஒருவர் 40,000 அனுப்பி, அடுத்த திங்கட்கிழமையே அதே 40,000 அவருக்குத் திரும்பிப் போயிருந்தது. ஆஸ்பத்திரி அவசரத்துக்குக் கை மாறிய பணம் என்றார். இவர் விஷயத்தில் அது உண்மைதான். ஆனால் கடன் கேட்பதற்குச் சில மாதம் முன்பிருந்தே வரவைப் பெருக்கிக் காட்டுவதற்காகப் பணத்தைச் சுற்றிவிடுபவர்களும் உண்டு. ஒரே தொகை, ஒரே பெயர், இரண்டு மூன்று நாளுக்குள் வந்து போவது அதன் அடையாளம். இன்னொரு வங்கியில் இருக்கும் சொந்தக் கணக்கிலிருந்து மாற்றியது 24,000. போகாமல் திரும்பிவந்த யுபிஐ பணம் 6,000. இது பெரும்பாலும் `REV` என்று இருக்கும், சில வங்கிகளில் சாதாரண `UPI/CR` வரவு போலவே பதிவாகிவிடும். ஆக மொத்தம் 2,20,000 கழிந்தது. மிச்சம் 4,64,000.

நிறைய பேர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். மாதம் 38,600 சொச்சம் என்று எழுதிவிடுவார்கள். உண்மையான தப்பு இனிமேல்தான் இருக்கிறது.

அந்த ஆண்டில் 20 வாரம் சனிக்கிழமைதோறும் ஒரே ஆளிடமிருந்து 15,000 வந்திருந்தது. வீட்டுக்காரர் சென்னையில் இருந்துகொண்டு ஊரில் வீடு கட்டியவர். கொத்தனார், ஒரு பெரியாள், ஒரு சித்தாள் மூவருக்குமான வாரக் கூலியை மொத்தமாக இவருக்கு அனுப்பிவிடுவார். இவர் கூலி நாளைக்கு 1,100, ஆறு நாளைக்கு 6,600. பெரியாளுக்கு 800 வீதம் 4,800, சித்தாளுக்கு 600 வீதம் 3,600. கூட்டினால் சரியாக 15,000. பென்சிலைச் செலவுப் பக்கத்துக்கு நகர்த்தினால் ஒவ்வொரு சனிக்கிழமை சாயங்காலமும் 4,800-க்கு ஒரு `UPI/DR`, கூடவே ஏடிஎம்மில் 3,600 அல்லது 4,000. சித்தாள் அக்காவிடம் போன் இல்லை, கையில்தான் கொடுக்க வேண்டும். ஆள் கமிஷன் எதுவும் எடுப்பதில்லை என்றார். வந்ததும் போனதும் ரூபாய்க்கு ரூபாய் பொருந்தியதால் நம்பினேன்.

இப்படி மற்ற இருவருக்கும் போனது வாரம் 8,400 வீதம் 1,68,000. இதே வீட்டுக்காரர் அவ்வப்போது கம்பி, சிமென்ட் வாங்க அனுப்பியது 38,000. அது அன்றே ஹார்டுவேர் கடைக்குப் போயிருந்தது. இரண்டும் சேர்த்து 2,06,000. அந்த ஒரு வீட்டிலிருந்து வந்த 3,38,000-இல் இவருடையது 1,32,000 மட்டும். மற்ற வேலைகளில் வந்த 1,26,000-ஐயும் சேர்த்தால் ஆண்டுக்கு 2,58,000. மாதம் 21,500.

வரவை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது. கூலிக்காரர் கணக்கில் வருமானத்தைச் செலவுப் பக்கத்தில்தான் கண்டுபிடிக்க முடியும். கடைக்காரருக்கும் இதேதான். கியூஆரில் வருவது விற்பனை, அதில் பெரும்பகுதி மொத்தக் கடைக்குத் திரும்பிப் போகிற பணம். கொள்முதலையும் வாடகை, கரன்ட் பில்லையும் கழிக்காமல் மளிகைக் கடைக்காரருக்கு வருமானம் எழுதக் கூடாது. வருமான வரிச் சட்டம் சிறு வியாபாரிகளுக்கு டிஜிட்டல் வரவில் 6 சதவீதம், ரொக்கத்தில் 8 சதவீதம் என்று ஒரு குறைந்தபட்ச லாபத்தை எடுத்துக்கொள்கிறது. அது வரிக்கான அனுமானம். அதையே கடையின் உண்மையான லாபமாக எடுத்துக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, 21,500 குறைவா, கூடுதலா? வங்கி வழியாக வராத கூலி இருக்குமே. அதைக் கேட்டபோது சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். தேதி, இடம், முழு நாளா அரை நாளா என்று கோடு போட்டு வைத்திருந்தார். எண்ணினால் 265 நாள். 1,100 வீதம் 2,91,500. வங்கியில் தெரிந்ததைவிட 33,500 அதிகம். அதாவது ஏறக்குறைய 30 நாள் கூலி ரொக்கமாக வந்திருக்கிறது. எங்கே என்று கேட்டால் பக்கத்துத் தெருவில் ஒரு காம்பவுண்டு சுவர், ஒரு கழிவறை என்று நோட்டிலேயே இருந்தது. அந்த இரண்டு வீட்டுக்காரர்களிடமும் போனில் விசாரித்தோம், சரியாக இருந்தது.

நோட்டு என்று காட்டினாலே நம்பிவிட முடியாது. ஒரே பேனாவில், ஒரே ராத்திரியில் எழுதிய நோட்டுகள் என் மேசைக்கு நிறைய வந்திருக்கின்றன. நான் முதலில் புரட்டுவது 2024 டிசம்பர் முதல் வாரத்தைத்தான். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்து, விழுப்புரம் மாவட்டமே தண்ணீரில் கிடந்தது. அந்த வாரம் திண்டிவனத்தில் வெளிப்பூச்சு வேலை செய்ததாக ஒரு நோட்டு சொன்னால், மற்ற பக்கங்களைப் பார்க்கத் தேவையில்லை. இவர் நோட்டில் அந்த வாரம் வெறுமையாக இருந்தது.

ஆக 2,91,500-ஐ 12-ஆல் வகுத்தால் மாதம் ஏறக்குறைய 24,300. வேலை நன்றாக நடந்த மாதங்களால் மட்டும் வகுக்கக் கூடாது, வேலை இல்லாத மாதத்திலும் வீட்டில் சோறு பொங்க வேண்டும். ஆறு மாத ஸ்டேட்மென்ட்டும் போதாது. இவருடைய ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையில் 148 நாள், சராசரி 27,100. அக்டோபர் முதல் மார்ச் வரையில் 117 நாள், சராசரி 21,450. அதே ஆள், அதே கூலி. எந்த ஆறு மாதத்தைக் கொண்டுவந்தார் என்பதை வைத்து மாதம் ஐந்தாயிரத்துக்கு மேல் மாறிவிடுகிறது. தனித்தனி மாதங்களை ஒப்பிடுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. சனிக்கிழமைக் கூலி வாங்குகிறவருக்கு ஐந்து சனிக்கிழமை வரும் மாதம் சும்மாவே கொழுத்துத் தெரியும்.

சராசரிக்குப் பக்கத்தில் நான் எப்போதும் இன்னொரு தொகையையும் எழுதுவேன், மழை மாதங்களின் சராசரி. இவருக்கு அக்டோபரில் 18 நாள், நவம்பரில் 11, டிசம்பரில் 13. மூன்று மாதத்துக்கு 46,200, மாதம் 15,400. தவணை மழைக்காலத்திலும் அதே தேதியில்தான் வரும்.

மைக்ரோ ஃபைனான்ஸ் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி 2022-இல் ஒரு வரம்பு வைத்தது. எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வீட்டுக்கடனிலும் நாங்கள் ஏறக்குறைய அந்த அளவையே பிடித்துக்கொள்கிறோம். 57,000-ஐ வருமானமாக எடுத்தால் பாதி 28,500. அவர் மாதம் முழுவதும் சம்பாதிப்பதைவிட அதிகம்! 24,300-க்குப் பாதி 12,150. அதில் பைக் தவணை 2,900 ஏற்கெனவே போகிறது. மழை மாதத்தை வைத்துப் பார்த்தால் புதுத் தவணைக்கு ஏறக்குறைய ஐந்தாயிரம்தான் இடம். 12 சதவீத வட்டியில் 10 ஆண்டுக்கு மூன்றரை லட்சம் வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய 5,020 ரூபாய் வரும்.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "மூணரை போதும் மேடம். பூச்சு வேலைக்கு ஆள் வைக்கப்போறதில்ல, நானே பூசிக்கிறேன். கூலி மிச்சம்."

அங்கே ஒரு கணக்கு இடிக்கிறது. சொந்த வீட்டில் பூசுகிற ஒவ்வொரு நாளும் வெளியில் கிடைக்கும் 1,100 போய்விடும். 40 நாள் என்றால் 44,000, என் 265 நாள் கணக்கே 225 ஆகிவிடும். சொன்னதும் அவரே விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். மேல்தளம் போட்டாகிவிட்டது, உள்பூச்சுக்கு மழை ஒரு தடையில்லை, அப்போது வெளியே வேலையும் இருக்காது.

"அப்போ உள்பூச்சை ஐப்பசி கார்த்திகைக்குத் தள்ளிடறேன்" என்று சொல்லிவிட்டு, நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டார்.