சம்பளச் சீட்டில் ஒரே வரிசையில் இரண்டு கணக்கு

மணலி, எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் ஒப்பந்தக்காரர் மூலம் வேலை பார்ப்பவர்களுக்கு கேட்டும் மிஷினும் மாறாது, ஒப்பந்தக்காரர் மட்டும் மாறிக்கொண்டே இருப்பார். அவரோடு சேர்ந்து சம்பளச் சீட்டின் வடிவமும் மாறிவிடும். போன வருடம் மூன்றாவது வரிசையில் இருந்த எச்.ஆர்.ஏ. இந்த வருடம் இரண்டாவதில் இருக்கும். பி.எஃப். பிடித்தது சரிதானா, முன்பணம் கழிந்துவிட்டதா என்று பார்க்க இரண்டு வருடச் சீட்டுகளை எக்செல்லில் வரிசையாக ஒட்டினால் கணக்கு எங்கேயோ இடிக்கும். ஒட்டியவர் மேல் தப்பில்லை. சீட்டு அச்சாகும் விதமே அப்படி.

ஏறக்குறைய எல்லாச் சீட்டுகளும் இடப்பக்கம் வருவாய், வலப்பக்கம் பிடித்தம் என்றுதான் அச்சாகின்றன. ஒரு செப்டம்பர் மாதச் சீட்டை எடுத்துக்கொள்வோம். மாதக் கணக்கு 26 நாள், வேலைக்கு வந்தது 24 நாள்.

| வருவாய் | விகிதம் | ஈட்டியது | பிடித்தம் | தொகை |
|---|---|---|---|---|
| பேசிக் | 13,000 | 12,000 | பி.எஃப். | 1,728 |
| டி.ஏ. | 2,600 | 2,400 | இ.எஸ்.ஐ. | 151 |
| எச்.ஆர்.ஏ. | 3,250 | 3,000 | தொழில் வரி | 1,250 |
| நைட் ஷிப்ட் படி | | 1,200 | முன்பணம் | 1,000 |
| ஓ.டி. | | 1,450 | | |
| மொத்தம் | 18,850 | 20,050 | மொத்தப் பிடித்தம் | 4,129 |

கைக்கு வரும் சம்பளம் 15,921.

டி.ஏ.வும் இ.எஸ்.ஐ.யும் ஒரே வரிசையில் நிற்கின்றன. இரண்டுக்கும் எந்த உறவும் கிடையாது. தாளில் இடம் மிச்சப்படுத்த இரண்டு பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். இடப்பக்கம் ஐந்து, வலப்பக்கம் நான்கு என்று எண்ணிக்கைகூடப் பொருந்தவில்லை. ஒரு வரிசையை ஒரு பதிவாக எண்ணி வாசித்தால், அந்த இடத்திலேயே தவறு தொடங்கிவிடுகிறது.

அடுத்த மாதச் சீட்டில் இது கண்ணுக்குத் தெரியும். சென்னை மாநகராட்சிக்குக் கட்டும் தொழில் வரி அரையாண்டுக்கு ஒரு முறைக் கணக்கு. அரையாண்டு வருமானம் 75,000 ரூபாயைத் தாண்டினால் 1,250 ரூபாய். மணலியும் திருவொற்றியூரும் 2011இல் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டதால் அங்கேயும் இதுதான். சிலர் இதை மாதாமாதம் பிரித்துப் பிடிப்பார்கள், பலர் ஒரே மாதத்தில் பிடித்துவிடுவார்கள். நம் சீட்டில் செப்டம்பரில் மொத்தமாகப் பிடித்தாயிற்று. ஆகவே அக்டோபர் சீட்டில் அந்த வரிசையே இருக்காது. முன்பணம் ஒரு படி மேலே ஏறி மூன்றாவது இடத்துக்கு வந்துவிடும். ‘வலப்பக்கம் மூன்றாவது எண் தொழில் வரி’ என்று இடத்தை வைத்து எடுப்பவரின் கணக்கில் அக்டோபரில் 1,000 ரூபாய் தொழில் வரி ஏறும், முன்பணம் காணாமல் போகும். பிடித்தத்தின் மொத்தம் மட்டும் பைசா பிசகாமல் சரியாக இருக்கும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

இதற்குத் தீர்வு, இரண்டு பட்டியலையும் வெட்டி ஒன்றின் கீழ் ஒன்றாக வைப்பது. ஒவ்வொரு வரிசையிலும் மூன்றே விஷயம் இருக்கும்: கூறின் பெயர், வகை, தொகை. மேலே உள்ள சீட்டு இப்படி ஒன்பது வரிசை ஆகும்:

| கூறு | வகை | தொகை |
|---|---|---|
| பேசிக் | வருவாய் | 12,000 |
| டி.ஏ. | வருவாய் | 2,400 |
| எச்.ஆர்.ஏ. | வருவாய் | 3,000 |
| நைட் ஷிப்ட் படி | வருவாய் | 1,200 |
| ஓ.டி. | வருவாய் | 1,450 |
| பி.எஃப். | பிடித்தம் | 1,728 |
| இ.எஸ்.ஐ. | பிடித்தம் | 151 |
| தொழில் வரி | பிடித்தம் | 1,250 |
| முன்பணம் | பிடித்தம் | 1,000 |

மொத்தம், மொத்தப் பிடித்தம், கைக்கு வரும் சம்பளம் ஆகிய மூன்றும் இதற்குள் வரக்கூடாது. அவை கூறுகள் அல்ல, கூட்டிப் பார்த்த விடைகள். உள்ளே விட்டால் வருட முடிவில் கூட்டும்போது வருவாய் இரண்டு மடங்காகத் தெரியும். அவற்றைத் தனியாக ஓர் ஓரத்தில் எழுதி வையுங்கள், சரிபார்க்கத் தேவைப்படும்.

சீட்டை எக்செல்லில் A முதல் E வரை ஐந்து பத்திகளில், தலைப்பு முதல் வரிசையிலும் கூறுகள் 2 முதல் 6 வரையிலுமாக வைத்துக்கொண்டால், G2 கட்டத்தில் இந்த ஒரு வாய்ப்பாடு போதும்:

```
=LET(t, VSTACK(
  HSTACK(TRIM(A2:A6), IF(ROW(A2:A6),"வருவாய்"), C2:C6),
  HSTACK(TRIM(D2:D6), IF(ROW(D2:D6),"பிடித்தம்"), E2:E6)),
 FILTER(t, CHOOSECOLS(t,1)<>""))
```

TRIM பெயரின் முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் வெற்றிடத்தை நீக்குகிறது. FILTER வலப்பக்கத்துக் காலி வரிசையைத் தூக்கி எறிகிறது. மைக்ரோசாஃப்ட் 365இல் இது ஓடும். பழைய எக்செல்லில் VSTACK கிடையாது. அங்கே கையால் செய்வதே நல்லது: A, C பத்திகளை ஒட்டி ‘வருவாய்’ என்று நிரப்புங்கள், அதன் கீழே D, E பத்திகளை ஒட்டி ‘பிடித்தம்’ என்று நிரப்புங்கள். மாதம் ஒரு சீட்டுக்கு இரண்டு நிமிட வேலை. இதற்காக மேக்ரோ எழுத உட்காருவது, என்னைக் கேட்டால், கொசுவுக்குப் பீரங்கி.

வாய்ப்பாட்டில் B பத்தியைத் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள். விகிதம் என்பது முழு மாதமும் வந்திருந்தால் கிடைத்திருக்க வேண்டியது. ஈட்டியது என்பது வந்த நாளுக்குக் கிடைத்தது. 13,000ஐ 26ஆல் வகுத்து 24ஆல் பெருக்கினால் 12,000. ஓ.டி.யும் நைட் ஷிப்டும் இல்லாமல் முழு மாதம் வந்தவர்களின் சீட்டில் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். அதனால் தவறான பத்தியை எடுப்பவருக்கு மாதக்கணக்கில் தவறு தெரியாது, லீவு போட்ட மாதத்தில்தான் பல்லிளிக்கும். அப்போதும் ஒரு வேடிக்கை உண்டு. விகிதப் பத்தியைக் கூட்டினால் 18,850, அதன் அடியில் அச்சாகியிருக்கும் மொத்தமும் 18,850. சரிபார்த்த மாதிரியே இருக்கும். ஆனால் 18,850இல் 4,129ஐக் கழித்தால் 14,721 வரும், வங்கிக்கு வந்ததோ 15,921. ஆகவே பக்க மொத்தத்தோடு நிற்காமல் கைக்கு வந்த தொகை வரை போக வேண்டும்:

```
=SUMIFS(I:I,H:H,"வருவாய்")-SUMIFS(I:I,H:H,"பிடித்தம்")
```

இந்த விடை சீட்டின் அடியில் உள்ள தொகைக்கும் வங்கிப் பாஸ்புக்கில் ஏறிய தொகைக்கும் ஒத்துவர வேண்டும்.

பி.டி.எஃப். சீட்டிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது வேறொரு தொல்லை வரும். நைட் ஷிப்ட் படிக்கும் ஓ.டி.க்கும் விகிதம் இல்லை, அந்தக் கட்டங்கள் காலி. ஒட்டும்போது நைட் ஷிப்ட் வரிசையின் காலி இடம் சுருங்கிப்போனால் 1,200 விகிதப் பத்திக்கு நகரும், ‘முன்பணம்’ என்ற சொல் ஈட்டியது பத்திக்கு வந்து உட்காரும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி `=COUNT(C2:C6)`. அது எண்களை மட்டும் எண்ணும். ஐந்து கூறு இருந்தால் ஐந்து வர வேண்டும். நான்கோ மூன்றோ வந்தால் ஏதோ நகர்ந்திருக்கிறது. பூஜ்யம் வந்தால் எதுவும் நகரவில்லை, எண்கள் எல்லாம் எழுத்தாக ஒட்டியிருக்கின்றன என்று அர்த்தம். எண்ணுக்கு முன்னால் ‘ரூ.’ இருந்தாலோ, பின்னால் கண்ணுக்குத் தெரியாத வெற்றிடம் இருந்தாலோ இப்படி ஆகும். எழுத்தான எண்ணை SUMIFS கூட்டாது, பிழை என்றும் சொல்லாது. சத்தமில்லாமல் விட்டுவிடும்.

மொத்தம் ஒத்துவந்த பிறகும் பெயரும் தொகையும் சரியாகச் சேர்ந்திருக்கின்றனவா என்று தனியாகப் பார்க்க வேண்டும். அக்டோபர் தொழில் வரியில் பார்த்தோமே, இடம் மாறிய தொகையை மொத்தம் காட்டிக்கொடுக்காது. இங்கே சட்டம் வைத்திருக்கும் விகிதங்கள் கைகொடுக்கும். பேசிக்கும் டி.ஏ.வும் சேர்ந்து 14,400, அதில் 12 சதவீதம் 1,728. பி.எஃப். வரிசை சரி. இ.எஸ்.ஐ. தொழிலாளர் பங்கு 0.75 சதவீதம். நம் சீட்டில் ஓ.டி. உட்பட 20,050க்குப் போட்டால் 150.375 வரும். சீட்டில் 151 இருக்கிறதே என்று பதற வேண்டாம். இ.எஸ்.ஐ. பங்கு எப்போதும் அடுத்த முழு ரூபாய்க்கு ஏற்றப்படும். எனவே ROUND போட்டால் ஒரு ரூபாய் இடிக்கும், `=ROUNDUP(20050*0.75%,0)` போட்டால் 151 சரியாக வரும்.

சில சீட்டுகளில் பிடித்தத்துக்கு அடியிலேயே நிறுவனம் செலுத்தும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பங்கையும் தகவலுக்காக அச்சிடுவார்கள். அது தொழிலாளி கையிலிருந்து போவதல்ல. பிடித்தம் என்று வகை போட்டுவிட்டால் கைக்கு வரும் சம்பளம் ஒத்துவரவே வராது. ‘நிறுவனப் பங்கு’ என்று மூன்றாவது வகை ஒன்று கொடுத்துவிடுங்கள். மேலே உள்ள SUMIFS அதைத் தானாகவே ஒதுக்கிவிடும். போன மாதம் கூடுதலாகக் கொடுத்ததை இந்த மாதம் வருவாய்ப் பக்கத்திலேயே மைனஸ் போட்டுக் காட்டியிருந்தால், அதைப் பிடித்தத்துக்கு மாற்ற வேண்டாம். வகை வருவாய், தொகை மைனஸோடு அப்படியே. இடம் மாற்றினால் சீட்டின் இரண்டு மொத்தங்களோடும் ஒப்பிட முடியாமல் போகும்.

ஒத்துவந்த ஒன்பது வரிசைகளை மதிப்பாக மட்டும் நகலெடுத்து, மாதமும் ஒப்பந்தக்காரரும் என இரண்டு பத்திகளை முன்னால் சேர்த்து, ஒரே தாளில் கீழே கீழே ஒட்டிக்கொண்டு போங்கள். பெயர்களை மட்டும் அப்போதே ஒன்றாக்கிவிட வேண்டும். ஒருவர் ‘ஓ.டி.’ என்பார், அடுத்தவர் ‘கூடுதல் நேரம்’ என்பார். எக்செல்லுக்கு அவை இரண்டும் வேறு வேறு கூறு.

வகைப் பத்தி வீண் வேலை என்று நினைப்பவர்கள் முன்பணத்தைப் பார்க்கட்டும். பண்டிகை முன்பணம் 10,000 கொடுத்த மாதம் சிலர் அதைச் சீட்டின் இடப்பக்கத்தில் ‘முன்பணம்’ என்று காட்டுவார்கள், பிறகு மாதம் 1,000 வீதம் வலப்பக்கத்தில் அதே பெயரில் பிடிப்பார்கள். பெயரை மட்டும் வைத்துக் கூட்டினால் கொடுத்ததும் பிடித்ததும் ஒன்றாகக் கலந்துவிடும். பெயரோடு வகையையும் சேர்த்துக் கூட்டினால், ஒரு தவணை கூடுதலாகப் பிடித்திருந்தால் வருவாயில் 10,000, பிடித்தத்தில் 11,000 என்று தனித்தனியாக நிற்கும். பதினோராவது தவணை எந்த மாதம் போனது என்பது அந்த வரிசையின் முன்னாலேயே இருக்கும்.