விற்பனை 10,000, வங்கியில் 8,320

ஓர் ஆன்லைன் கடைக்கு ஒரு நாளில் நான்கு ஆர்டர்கள்: 4,000, 3,000, 2,000, 1,000. ஆக மொத்தம் 10,000. வாடிக்கையாளரின் பணத்தை வாங்கிக் கடைக்கு அனுப்பும் பேமென்ட் கேட்வே அந்த நாளுக்கென்று வங்கியில் போட்டதோ 8,320. மீதி 1,680-ஐக் கட்டணம் என்று எழுதி மூடிவிடலாமா? கூடாது. கட்டணம் 2 சதவீதம் என்று ஒப்பந்தம் இருந்தால், 10,000-க்கே 200தான் வரும்.

மொத்தத்தை மொத்தத்தோடு ஒப்பிடுவதில்தான் சிக்கலே. கேட்வே அனுப்பும் செட்டில்மென்ட் அறிக்கையில் ஒவ்வொரு பரிவர்த்தனையும் ஒரு தனி வரியாக எழுதப்பட்டிருக்கும். அதிலுள்ள பேமென்ட் எண்ணை, ஆர்டரோடு சேமித்து வைத்த பேமென்ட் எண்ணோடு பொருத்த வேண்டும். தொகையையும் தேதியையும் வைத்துப் பொருத்தினால், ஒரே விலையில் இரண்டு ஆர்டர் வந்த அன்றே குழம்பிவிடும்.

இங்கே பொருத்திப் பார்த்தால் மூன்று ஆர்டர்களுக்குத்தான் வரி இருக்கிறது. நள்ளிரவுக்குச் சற்று முன் வந்த 1,000 ஆர்டர் இல்லை. கேட்வேயின் நாள் வேறொரு நேர மண்டலத்தின்படி முன்பே முடிந்துவிட்டதால், அது அடுத்த தொகுப்புக்குப் போய்விட்டது. வந்த 9,000-க்குக் கட்டணம் 180. கூடவே 500 கழிக்கப்பட்ட ஒரு வரி: போன வாரத்து ஆர்டர் ஒன்றின் ரீஃபண்ட். அதைத் தனியாகக் கேட்காமல், புதிதாக வந்த பணத்திலேயே பிடித்துக்கொண்டார்கள். 1,000, 180, 500. கூட்டினால் 1,680, சரி.

இந்த மூன்றில் 180 மட்டுமே அன்றைய செலவு. 500 பழைய விற்பனையைக் குறைக்கிறது. 1,000 எங்கும் போகவில்லை, வழியில் இருக்கிறது. அதனால் விற்பனையை நேரே வங்கிக் கணக்கில் எழுதாமல், 'கேட்வேயிடம் உள்ள பணம்' என்று இடையில் ஒரு கணக்கு வைப்பது நல்லது. விற்பனை அதில் ஏறும். கட்டணம், ரீஃபண்ட், வங்கிக்கு வந்த பணம் மூன்றும் அதிலிருந்து இறங்கும். அந்த இருப்பு பூஜ்யமாக வேண்டியதில்லை. ஆனால் அதிலுள்ள ஒவ்வொரு தொகைக்கும் எந்த ஆர்டர், எத்தனை நாளாக நிற்கிறது என்று சொல்லத் தெரிய வேண்டும். வழக்கமாக இரண்டு வேலைநாளில் வரும் பணம் ஒரு வாரமாக நின்றால், அது தாமதம் அல்ல, கேட்வேயிடம் கேட்க வேண்டிய கேள்வி.

கட்டணத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. கேட்வே வரிவரியாகக் கணக்கிட்டு, ஒவ்வொன்றிலும் கடைசி இலக்கத்தை முழுமையாக்கும். நாம் மொத்தத்துக்குக் கணக்கிட்டால் கடைசி இலக்கத்தில் சிறு வித்தியாசம் வரும். எவ்வளவு வித்தியாசம் வரை கண்டுகொள்ளாமல் விடலாம் என்ற அளவை ஒவ்வொரு வரிக்கும் வைக்க வேண்டும். மொத்தத்துக்கு வைத்தால் உண்மையான பிழையும் அதில் ஒளிந்துகொள்ளும்.

எனக்கு அதிகம் கவலை தருவது எதிர்த்திசைப் பொருந்தாமை: அறிக்கையில் வரி இருக்கும், ஆர்டர் இருக்காது. பணம் பிடிக்கப்பட்டும் அந்தத் தகவல் நம் சர்வருக்கு வந்து சேராமல் ஆர்டர் 'தோல்வி' என்று நின்றிருக்கும். வாடிக்கையாளர் மறுபடி முயன்று இரண்டாவது முறையும் செலுத்தியிருப்பார். விற்பனைப் பட்டியலை மட்டும் பார்ப்பவர் கண்ணில் இது படவே படாது. அதனால் பொருத்துவதை அறிக்கையின் பக்கமிருந்தும் ஒருமுறை ஓட்டி, ஆர்டர் இல்லாத வரிகளை அன்றன்றே எடுத்துப் பணத்தைத் திருப்ப வேண்டும்.